வாடகை பாக்கியைத் தவணையில் தீர்த்த என் அனுபவம்

கம்பெனியில் அந்த மாதம் பாதிச் சம்பளம்தான் போட்டார்கள். வாடகை 12,000, ஐந்தாம் தேதி கெடு. இரண்டாம் தேதியே ஹவுஸ் ஓனர் அம்மாவை நேரில் பார்த்து நிலைமையைச் சொன்னேன். கெடு தாண்டிச் சொன்னால் சாக்குப்போக்காகத்தான் தெரியும்.

அன்றே 7,000 அனுப்பிவிட்டு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "அம்மா, பாக்கி 5,000. அடுத்த இரண்டு மாதமும் வாடகையோடு 2,500 சேர்த்து 14,500 தருகிறேன். கரண்ட் பில் வழக்கம்போல் முழுதாகக் கட்டிவிடுவேன். சம்மதமென்றால் ஒரு வரி பதில் போடுங்கள்."

அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லவில்லை. காலி செய்யும்போது பெயின்ட், ரிப்பேருக்கென்று அவர்கள் வைத்திருக்கும் பணம் அது. அதில் கை வைத்தால் பேச்சே கசந்துவிடும். அடுத்த மாதமே மொத்தமாக 17,000 தருகிறேன் என்றும் சொல்லவில்லை, அது என்னால் முடியாது.

"சரிப்பா, தேதி மட்டும் தவறக் கூடாது" என்று பதில் வந்தது. அப்புறம் ஒவ்வொரு முறை பணம் அனுப்பும்போதும் மீதி எவ்வளவு என்று எழுதி அனுப்பினேன்.