விடுபட்ட ஆவணங்களைக் கேட்டு எழுதும்போது

வீட்டுக் கடன் கேட்டவருக்கு 'மீதி ஆவணங்களைத் தாருங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள், பாவம், அவர் இரண்டு மூன்று தடவை அலைய நேரிடும். கடைசி 3 மாதச் சம்பளச் சீட்டு, 6 மாத வங்கிக் கணக்கு அறிக்கையின் எல்லாப் பக்கங்களும், மனையின் 30 வருட வில்லங்கச் சான்று என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். வில்லங்கச் சான்றுக்கு சர்வே எண்ணோடு உட்பிரிவு எண்ணையும் குறிப்பிடுங்கள். அது விடுபட்டால் பக்கத்து மனையின் சான்று வந்து சேரலாம்.

அப்புறம், '15 நாட்களுக்குள்' என்றால் எந்த நாளிலிருந்து என்ற குழப்பம் வரும். '20.6.2025, வெள்ளி மாலை 4 மணிக்குள் தராவிட்டால் இந்தக் கோப்பு மூடப்படும், பிறகு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்' என்று தேதியோடு எழுதுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்று கிடைக்க ஆகும் நாட்களையும் கணக்கில் வைத்தே அந்தத் தேதியைக் குறியுங்கள்.