90 நாள் நோட்டீஸ், பையவுட், கார்டன் லீவ்: ராஜினாமா மெயில் போடுவதற்கு முன்

சீனியர் பதவியில் இருப்பவர் வேலையை விடும்போது கையை விட்டுப் போகிற பணத்தில் பெரும்பகுதி நோட்டீஸ் காலத்தில்தான் போகிறது. புது கம்பெனி "45 நாளில் வாங்க" என்கிறது, பழைய கம்பெனி 90 நாள் கேட்கிறது. இடைவெளிக்குக் காசு கட்டி, அதாவது பையவுட் செய்து, விடுபடலாமா, அல்லது கம்பெனி உங்களைக் கார்டன் லீவ் என்று வீட்டில் உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்குமா என்பதை உங்கள் நியமனக் கடிதத்தின் நாலைந்து வரிகள்தான் முடிவு செய்கின்றன. மேலாளர் நிலையில் இருப்பவர்களுக்குத் தொழிலாளர் சட்டங்களின் பல பாதுகாப்புகள் பொருந்தாது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் பெரும்பாலும் பேசும். நான் எச்.ஆர். பக்கம் உட்கார்ந்து இந்தக் கணக்குகளைப் போட்டவன். வேலையை விடுகிற ஒருவர் எந்த வரிசையில் போக வேண்டும் என்பதைச் சொல்கிறேன். இங்கே பேசுவது இந்தியத் தனியார் நிறுவனங்களைப் பற்றி மட்டும்.

படி 1: கடிதத்தில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்

நியமனக் கடிதம், பின்னால் வந்த பதவி உயர்வுக் கடிதங்கள், எச்.ஆர். பாலிசி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். சேரும்போது 60 நாளாக இருந்த நோட்டீஸ், பதவி உயர்வுக் கடிதத்தில் சத்தமில்லாமல் 90 ஆகியிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, பையவுட் யாருடைய விருப்பம் என்பது. "இரு தரப்பில் எவரும் 90 நாள் நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் கொடுத்து விலகலாம்" என்று இருந்தால் நீங்கள் காசு கட்டிவிட்டுக் கிளம்பலாம். "நோட்டீஸுக்குப் பதிலாகப் பணம் ஏற்பது நிறுவனத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது" என்று இருந்தால் நீங்கள் கேட்கலாம், அவ்வளவுதான். சீனியர் பதவிகளுக்கான கடிதங்களில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் இருக்கும்.

அதற்காக உங்களைக் கட்டிப்போட்டு வேலை வாங்க முடியாது. தனிநபர் சேவை ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடுவதில்லை. நஷ்ட ஈடு கேட்கலாம். ஆனால் நிறுவனத்தின் கையில் இருக்கும் உண்மையான ஆயுதம் ரிலீவிங் லெட்டர். அது இல்லாமல் அடுத்த இடத்தில் பின்னணிச் சரிபார்ப்பு தாண்டாது. சொல்லாமல் நின்றுவிட்டால் 'அப்ஸ்காண்டிங்' என்று பதிவாகும், அதைத் துடைப்பது பெரும்பாடு.

இரண்டாவது, எந்தச் சம்பளத்தின் மேல் கணக்கு என்பது. பேசிக்கா, மொத்த மாதச் சம்பளமா? "சம்பளம்" என்று மட்டும் எழுதி விட்டிருந்தால் கம்பெனி மொத்தச் சம்பளத்தைத்தான் எடுக்கும். மெயில் போடுவதற்கு முன்பே, பாலிசி விளக்கம் கேட்பதுபோலக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 2: கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஒருவருக்கு மாதம் மொத்தம் 3,00,000, அதில் பேசிக் 1,50,000 என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸ் 90 நாள். ஜூன் 1 அன்று ராஜினாமா. மறுநாளிலிருந்து எண்ணினால் 90ஆவது நாள் ஆகஸ்ட் 30. அவர் ஜூலை 15 அன்று விடுபட வேண்டும். ஜூனில் 29 நாள், ஜூலையில் 15 நாள், ஆக 44 நாள் வேலை பார்த்திருப்பார். பாக்கி 46 நாள்.

பேசிக்கில் என்றால் ஒரு நாளுக்கு 5,000 வீதம் 2,30,000. மொத்தச் சம்பளத்தில் என்றால் நாளுக்கு 10,000 வீதம் 4,60,000. கடிதத்தில் ஒரு வார்த்தை மாறினால் தொகை இரட்டிப்பாகிறது. மாதத்தை 30 ஆல் வகுக்கிறார்களா, 26 ஆலா என்பதையும் கேளுங்கள்.

அடுத்தது பலர் கவனிக்காதது. அவருக்கு 20 நாள் ஈட்டிய விடுப்பு பாக்கி இருக்கிறது. அதைக் காசாக்கினால் பல கம்பெனிகளில் பேசிக் கணக்கில்தான் தருவார்கள், அதாவது 1,00,000. அதே 20 நாளை நோட்டீஸ் பாக்கியில் கழிக்கச் சம்மதித்தால், மொத்தச் சம்பளத்தில் பிடிக்கும் கம்பெனியில் 2,00,000 மிச்சம். பிடிப்பதும் கொடுப்பதும் வேறு வேறு அளவுகோலில் இருந்தால் விடுப்பைக் கழிப்பதே லாபம். ஆனால் இதற்கும் கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டும், சில பாலிசிகளில் நோட்டீஸ் காலத்தில் விடுப்பைக் கழிக்கவே விடுவதில்லை.

"புது கம்பெனி பையவுட் கொடுத்துவிடும்" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒன்று. அந்தப் பணம் உங்கள் சம்பள வருமானமாகக் கணக்கில் வரும். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து 31.2 சதவீதம் போகும். 4,60,000 வந்தால் கையில் நிற்பது 3,16,480. முழுத்தொகையும் கையில் வர வேண்டுமென்றால் அவர்கள் சுமார் 6,68,600 தர வேண்டும். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் "வரி போகவா, வரி சேர்த்தா" என்று கேளுங்கள். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரியும் பக்கத்திலேயே இருக்கும்.

பழைய கம்பெனி பிடித்துக்கொண்ட தொகைக்கு வரி உண்டா என்பதில் வருமான வரித்துறைக்கும் ஊழியர்களுக்கும் தகராறு நடந்திருக்கிறது. 2017இல் அகமதாபாத் வருமான வரித் தீர்ப்பாயம், பிடித்தது போகக் கைக்கு வந்த சம்பளத்துக்குத்தான் வரி என்று ஊழியர் பக்கம் நின்றது. ஆனால் கம்பெனி தரும் வரிச் சான்றிதழில் பெரும்பாலும் முழுச் சம்பளமும் வந்துவிடும், ஆகவே ஆடிட்டரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

படி 3: மெயிலில் தேதியை எழுதுங்கள்

மேனேஜரிடம் பேசினால் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார், நீங்க மெயிலைப் போடுங்க" என்பார். மனதாரத்தான் சொல்லியிருப்பார். ஆனால் மூன்றாவது வாரம் ஃபைனான்ஸ் வேறு சொல்லும். அதனால் ராஜினாமா மெயிலிலேயே தேதிகள், விடுப்புக் கழிப்பு, எந்தச் சம்பளத்தில் பிடித்தம் ஆகிய மூன்றும் இருக்கட்டும்:

"இன்று, ஜூன் 1 அன்று, ராஜினாமாவைச் சமர்ப்பிக்கிறேன். ஒப்பந்தப்படி நோட்டீஸ் ஆகஸ்ட் 30 அன்று முடிகிறது. ஜூலை 15 அன்று விடுவிக்கக் கோருகிறேன். மீதி 46 நாளில் 20 நாளை என் விடுப்பில் கழித்து, 26 நாளுக்கான தொகையைப் பேசிக் அடிப்படையில் பிடித்துக்கொள்ளக் கோருகிறேன். ஒப்புதலை எழுத்தில் தெரிவிக்கவும்."

பதில் வரும்வரை புது கம்பெனிக்குச் சேரும் தேதியை உறுதியாகச் சொல்லாதீர்கள். மறுத்தால், எந்த வேலையை யாரிடம் எந்தத் தேதிக்குள் ஒப்படைக்கிறீர்கள் என்று ஒரு அட்டவணையோடு திரும்பக் கேளுங்கள். கம்பெனியின் உண்மையான பயம் பணமல்ல, நடுவில் நிற்கும் வேலை.

படி 4: கார்டன் லீவில் அனுப்பினால்

போட்டிக் கம்பெனிக்குப் போகிறீர்கள் என்று தெரிந்தால் ஆட்டம் மாறலாம். அன்று மதியமே லேப்டாப்பை வாங்கிக்கொண்டு, மெயிலை முடக்கி, "ஆகஸ்ட் 30 வரை வீட்டில் இருங்கள், சம்பளம் வரும்" என்பார்கள். வாடிக்கையாளர்களிடமிருந்தும் புதுத் தகவல்களிலிருந்தும் உங்களைத் தள்ளிவைப்பதுதான் நோக்கம்.

இப்போது உங்கள் நிலை என்ன? ஆகஸ்ட் 30 வரை நீங்கள் அந்தக் கம்பெனி ஊழியர்தான். முழுச் சம்பளம், பி.எஃப்., மருத்துவக் காப்பீடு தொடரும், அந்த நாட்கள் கிராஜுட்டி சேவைக் காலத்திலும் சேரும். நாலே முக்கால் வருடம் முடித்து ஐந்துக்குக் காத்திருப்பவருக்கு இது நல்ல செய்தி. போனஸும் பங்கு ஒதுக்கீடும் அப்படியல்ல. 'நோட்டீஸில் இருப்பவருக்குக் கிடையாது' என்ற வரி அந்தத் திட்டங்களில் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

மறுபக்கம், இந்த நாட்களில் வேறு இடத்தில் சேரக்கூடாது. "சும்மாதானே இருக்கேன், ஒரு வாரம் முன்னாடியே சேர்ந்துக்கறேன்" என்பவர்கள் மாட்டுவது பி.எஃப். கணக்கில். உங்கள் பி.எஃப். கணக்குகளை இணைக்கும் ஒரே யு.ஏ.என். எண்ணில் ஒரே மாதத்துக்கு இரண்டு கம்பெனிகளின் பங்களிப்பும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிய தேதிகளும் தெரியும். பணிக்காலத்தில் போட்டியாளரிடம் வேலை பார்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967இலேயே, கோலிகாரி வழக்கில் சொல்லிவிட்டது.

ஆனால் ரிலீவ் ஆன பிறகு தொடங்கும் கார்டன் லீவ் வேறு கதை. "விலகிய பின் மூன்று மாதம் போட்டியாளரிடம் சேராதிருந்தால் அதற்குச் சம்பளம் தருவோம்" என்ற வகை ஷரத்து வி.எஃப்.எஸ். குளோபல் வழக்கில் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பணம் கொடுத்தாலும் அது தொழில் செய்வதற்கான தடைதான், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி செல்லாது என்று நீதிமன்றம் தடையுத்தரவு தர மறுத்தது. ஆகவே ஷரத்தைப் படிக்கும்போது கார்டன் லீவ் நோட்டீஸ் காலத்துக்குள் முடிகிறதா, அதைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். ரகசியத் தகவல்களைக் காக்கும் கடமை மட்டும் இரண்டிலும் தொடரும்.

இங்கே ஒரு தில்லுமுல்லும் நடக்கும். கம்பெனியே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடைசிக் கணக்கில் அந்த நாட்களை 'நோட்டீஸ் பாக்கி' என்று பிடிப்பார்கள். அதனால் வாசலைத் தாண்டிய அன்றே தனி மெயிலிலிருந்து எழுதுங்கள்: "நிறுவனம் கேட்டுக்கொண்டபடி இன்று முதல் அலுவலகம் வரவில்லை. நோட்டீஸ் காலம் முழுவதும் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். சம்பளம் ஆகஸ்ட் 30 வரை தொடரும் என்பதை உறுதிசெய்யவும்." வேலை செய்யத் தயாராக இருந்தீர்கள் என்ற அந்த ஒரு வாக்கியம்தான் பின்னால் நிற்கும்.

கார்டன் லீவில் இருந்துகொண்டே பையவுட் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் உங்களை வெளியே விடக்கூடாது என்பதற்காகவே சம்பளம் தருகிறவர்கள் சம்மதிப்பது அபூர்வம். புது கம்பெனியிடம் சேரும் தேதியைத் தள்ளக் கேட்பதுதான் நடக்கிற காரியம்.

படி 5: கடைசிக் கணக்கைச் சரிபாருங்கள்

எஃப் அண்ட் எஃப் என்கிற கடைசிக் கணக்குத் தாள் வந்ததும் முதலில் ரிலீவிங் தேதியைப் பாருங்கள். எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதியோடு ஒத்துப்போனால்தான் மற்ற வரிகளுக்கு அர்த்தம். அப்புறம் நாள் கணக்கு, வகுத்த எண், பேசிக்கா மொத்தமா.

நோட்டீஸ் பிடித்தத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178ஆம் எண் சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. கிராஜுட்டியிலும் பி.எஃப்.பிலும் நோட்டீஸ் பாக்கிக்காகக் கை வைக்க முடியாது, இரண்டுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு.

சம்பளப் பாக்கி எப்போது வர வேண்டும்? 45 நாள், 60 நாள் என்று இழுப்பது பழைய வழக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியம் கொடுக்க வேண்டும். மேலாளர்களும் அதன் 'ஊழியர்' என்ற வரையறைக்குள் வருகிறார்கள். தாமதமானால் அந்தத் தொகுப்பின் 17ஆவது பிரிவைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போடுங்கள். பிடித்தத் தொகையில் தகராறு இருந்தால், 'ஆட்சேபத்துடன் ஏற்கிறேன்' என்று எழுதி ரிலீவிங் லெட்டரை வாங்கிக்கொண்டு மீதியைப் பிறகு பேசுங்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில் மட்டும் அந்தத் தகராறு தீரும் முன் கையெழுத்துப் போடாதீர்கள்.