துபாய் சம்பளம் எந்தக் கணக்கில், ஊர் வாடகை எந்தக் கணக்கில்?

துபாய்க்கு வந்ததும் ஊரிலிருந்த சேமிப்புக் கணக்கை வங்கியில் என்ஆர்ஓ-வாக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்காக, மாற்றிவிட்டார்கள். வீட்டு வாடகை அதில்தான் வரும், சம்பளத்தையும் அங்கேயே அனுப்பி, 10 லட்சத்தை வருடத்துக்கு 7 சதவீத வட்டியில் டெபாசிட் போட்டேன். ஆண்டு வட்டி 70,000 ரூபாய். அதில் 21,840 ரூபாய் டிடிஎஸ் பிடித்திருந்தது, நம் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2.

அதே பணம், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடுவதற்கான என்ஆர்இ கணக்கின் டெபாசிட்டில் இருந்திருந்தால், ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி நாம் வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும்வரை, இந்தியாவில் அந்த வட்டிக்கு வரியே கிடையாது. அசல், வட்டி இரண்டையும் வரம்பில்லாமல் வெளியே எடுத்துப் போகலாம்.

சரி, செய்தது இதுதான். என்ஆர்இ கணக்கு திறந்து சம்பளத்தை அதற்குத் திருப்பினேன். என்ஆர்ஓ-வில் தேங்கிய பணத்தை என்ஆர்இ-க்கு மாற்ற ஆடிட்டர் சான்றிதழ், வருமான வரித் தளத்தில் படிவம், பணம் வந்த வழிக்கான ஆதாரம் எல்லாம் கேட்டார்கள். என்ஆர்ஓ-விலிருந்து இப்படி மாற்றுவதும், நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற வரம்புக்குள்தான் வரும், அதனால் வீடு விற்கப்போகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்கவும்.

வாடகையை மட்டும் என்ஆர்ஓ-விலேயே விட்டுவிட்டேன், ஊர்ச் செலவுக்கு அதுவே வசதி. பிடித்த வரிக்கு ரிட்டர்ன் போட்டேன். என் மொத்த இந்திய வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருந்ததால் முழுத் தொகையும் திரும்பி வந்தது.