கருங்கல் தடுப்புச் சுவர்: ஒரு மீட்டருக்கு எவ்வளவு கல், எவ்வளவு கலவை?

ஒரு மீட்டர் நீளச் சுவருக்குக் கணக்குப் போட்டுவிட்டால், மொத்த நீளத்தால் பெருக்கினால் போதும். 1.5 மீட்டர் உயரத் தடுப்புச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே 0.45 மீட்டர் அகலம், அடியில் 0.90. அதற்குக் கீழே மண்ணுக்குள் 1.20 மீட்டர் அகலம், 0.45 மீட்டர் ஆழத்தில் அஸ்திவாரம், அதுவும் கருங்கல்தான்.

1. கட்டுமானத்தின் கன அளவு

சுவர் மேலே போகப்போகக் குறுகுவதால் சராசரி அகலம்தான் கணக்கு.

```
சுவர்: (0.45 + 0.90) ÷ 2 × 1.5 = 1.01
அஸ்திவாரம்: 1.20 × 0.45 = 0.54
மொத்தம்: 1.55 கன மீட்டர்
```

சராசரியை விட்டுவிட்டு அடி அகலத்தையே உயரத்தால் பெருக்கினால், சுவருக்கு மட்டும் 1.35 வரும். தேவையைவிட மூன்றில் ஒரு பங்கு கல் கூடுதலாக வந்து இறங்கும்.

2. கல்

ஒரு கன மீட்டர் கட்டுமானத்துக்கு, அடுக்கி அளந்த கல் சுமார் 1.25 கன மீட்டர் வேண்டும். அடுக்கிலுள்ள சந்துகளும் சேர்ந்த அளவு அது. 1.55 × 1.25 = 1.94 கன மீட்டர். 100 கன அடி கொண்ட யூனிட், அதாவது 2.83 கன மீட்டர் கணக்கில் இது 0.69 யூனிட். லாரியில் அள்ளிப் போட்ட கல்லில் சந்து இன்னும் அதிகம். அதனால் இறக்கி அடுக்கியபின் அளப்பதே நியாயம்.

3. கலவை

கட்டுமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கலவை: 1.55 × 0.33 = 0.51 கன மீட்டர். 1:6 கலவையில் ஒரு கன மீட்டருக்கு 250 கிலோ சிமெண்ட், அதாவது 5 மூட்டை, 1.07 கன மீட்டர் மணல் பிடிக்கும். ஆக நம் ஒரு மீட்டருக்கு 2.6 மூட்டை சிமெண்ட், 0.55 கன மீட்டர் மணல். 10 மீட்டர் சுவர் என்றால் கல் 7 யூனிட், சிமெண்ட் 26 மூட்டை, மணல் 2 யூனிட். சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

4. வேலை நடக்கும்போது சரிபார்ப்பது

எனக்கு இந்தக் கணக்கு இன்னும் அதிகம் உதவுவது இங்கேதான். முதல் 3 மீட்டர் முழு உயரத்துக்கு ஏறியதும் காலி மூட்டைகளை எண்ணுங்கள். 8 மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தால் சரி. 9, 10 என்று போனால், பெரிய கற்களின் சந்தில் சில்லுக் கல்லை அடித்துச் செருகாமல் கலவையாலேயே நிரப்புகிறார்கள். கொத்தனாரிடம் சொன்னால் திருத்திவிடலாம். 6 மூட்டையே செலவாகியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஒன்று கலவையில் மணல் கூடியிருக்கும், அல்லது இரு முகத்தையும் அழகாகப் பூசிவிட்டு நடுவில் வெறுங்கல்லைக் கொட்டியிருப்பார்கள். அன்று கட்டிய வரியில் ஒரு கல்லைப் பெயர்த்து, அடியில் கலவை முழுக்க ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த அளவுகள் கணக்குக்கு எடுத்த உதாரணம்தான். உங்கள் சுவரின் அகலத்தை மண்ணையும் உயரத்தையும் பார்த்துப் பொறியாளர் முடிவு செய்யட்டும். அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் கான்கிரீட்டுக்குத் தனிக் கணக்கு.