மேடை நன்றியுரையில் ஆளை மாற்றிப் புரிந்துகொண்ட சிக்கல்

மெக்சிகோவில் ஒரு பள்ளியின் பட்டமளிப்பு விழாவுக்காக மாணவி ஒருத்தியின் ஸ்பானிய நன்றியுரையைத் தயார்படுத்தினேன். ஒத்திகையில் வினோதமாக ஒன்று நடந்தது. பெற்றோருக்கு நன்றி சொல்லும் பத்தியில் ஆசிரியர்கள் கை தட்டினார்கள். பெற்றோரோ இன்னும் ஆசிரியர்களைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று பேசாமல் இருந்தார்கள்.

முதலில் குரலைக் குறை சொன்னோம். நிறுத்தி நிதானமாகப் படித்தாள், பயனில்லை. ‘நீங்கள்’ என்பதற்கு ஸ்பெயின்காரர்கள் சொல்லும் ‘வொசோத்ரோஸ்’ வடிவத்தைப் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். மெக்சிகோவில் அது இரவல் சட்டை போலத் தெரியும் என்று விட்டுவிட்டோம்.

கோளாறு வினைச்சொல்லில் இருந்தது. அங்கே ‘நீங்கள்’, ‘அவர்கள்’ இரண்டுக்கும் வினை ஒன்றுதான். எழுவாயைச் சொல்லாமல் ‘நோஸ் அபொயாரோன்’ என்றால் ‘எங்களுக்குத் துணை நின்றீர்கள்’ என்றும் கொள்ளலாம், ‘நின்றார்கள்’ என்றும் கொள்ளலாம். ஸ்பெயினில் ‘வொசோத்ரோஸ்’ வடிவத்தில் ‘அபொயாஸ்தேய்ஸ்’ என்பார்கள். இந்தக் குழப்பமே வராது. தாளில் பத்தி பிரிந்திருந்ததால் எங்கள் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘நீங்கள்’ என்று பொருள்படும் ‘உஸ்தேதெஸ்’ சேர்த்துப் பார்த்தோம். உரை கனத்ததே தவிர, அரங்கில் எந்த ‘நீங்கள்’ என்பது தெரியவில்லை.

பத்தியின் முதல் சொல்லாகவே விளியை வைத்ததும் சரியாகிவிட்டது: ‘மயெஸ்த்ரோஸ், உஸ்தேதெஸ் நோஸ் என்சென்யாரோன்...’, அதாவது ‘ஆசிரியர்களே, நீங்கள் எங்களுக்குக் கற்றுத் தந்தீர்கள்...’ அடுத்து ‘மமா, பப்பா...’ விளிக்குமுன் அந்தப் பக்கம் திரும்பி, ஒரு மூச்சு நிறுத்தச் சொன்னேன். பிறகு அந்தப் பத்தி முழுக்க ‘உஸ்தேதெஸ்’ மீண்டும் தேவைப்படவில்லை.