பதிலே வராத மெயிலுக்குப் பதில் வர வைத்தது ரிவ்யூதான்

பல் கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் விற்கிறேன். அனுப்பிய மெயில் எதற்கும் பதில் இல்லை. தலைப்பை மாற்றினேன், சுருக்கினேன், காலையில் அனுப்பிப் பார்த்தேன், ஒன்றும் நகரவில்லை.

அப்புறம் அனுப்புவதற்கு முன் அந்தந்த கிளினிக்கின் கூகுள் மேப்ஸ் ரிவ்யூக்களைப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் வருவது Most relevant வரிசை, அதில் பழைய புகாரும் மேலே நிற்கும், அதனால் Newest என்று மாற்றிவிடுங்கள். 1 ஸ்டாரில் பெரும்பாலும் கோபம்தான், விவரம் குறைவு. சரக்கு இருப்பது பலரும் தாண்டிப் போகும் 4 ஸ்டாரில்: "டாக்டர் அருமை, ஆனால் 6 மணிக்கு வரச் சொல்லி 7.15-க்குத்தான் கூப்பிட்டார்கள்."

ஒரு கிளினிக்கில் இதே 'ஆனால்' வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்திருந்தது, எல்லாமே மாலை நேரம். காலையில் போனவர்கள் யாரும் காத்திருந்ததாக எழுதவில்லை. ஒரே ஒருவர் சொன்னதாக இருந்தால் விட்டிருப்பேன்.

மெயிலில் இவ்வளவுதான் எழுதினேன்: "உங்கள் சிகிச்சையை எல்லோரும் பாராட்டுகிறார்கள். மாலையில் வருபவர்கள் மட்டும் காத்திருப்பைப் பற்றிச் சொல்கிறார்கள். ரூட் கெனாலுக்கும் செக்கப்புக்கும் ஒரே அளவு நேரம்தான் ஒதுக்குகிறீர்களா?" ரிவ்யூ எழுதியவர் பெயரையோ அவர் வரியையோ ஒட்டவில்லை, அது நோயாளியை மாட்டிவிடுவது போலாகும்.

டாக்டரே போன் செய்தார். ஆமாம், எல்லாவற்றுக்கும் 15 நிமிடம்தானாம்.