பொலிங்கர் பட்டை சுருங்கினால் எந்தப் பக்கம் போவது? என் அனுபவம்

பொலிங்கர் பட்டை என்பது சராசரி விலையை நடுக்கோடாக வைத்து, விலை ஏறியிறங்கும் அளவுக்கேற்ப அதற்கு மேலும் கீழும் வரையும் கோடுகள்; அவை சுருங்கினால் அடுத்து பெரிய அசைவு வரலாம் என்று பார்ப்பார்கள். கொழும்புப் பங்குகளில் எனக்கு இருந்த தலைவலி, வியாபாரமே நடக்காத பங்கிலும் பட்டை சுருங்கிவிடும் என்பதுதான். அதனால் இப்போது அகலத்தை அளக்கிறேன்: மேல் பட்டையிலிருந்து கீழ்ப் பட்டையைக் கழித்து, நடுக்கோட்டால் வகுப்பது. நான் பார்த்துவந்த ஒரு பங்கில் மேல் பட்டை 51, கீழ்ப் பட்டை 49, நடுக்கோடு 50 ரூபா; அகலம் 4 சதவீதம். அகலம் ஆறு மாதத்தில் மிகக் குறைவாகவும், பங்கு தினமும் கைமாறுவதாகவும் இருந்தால்தான் கணக்கில் எடுப்பேன்.

சுருக்கம் திசையைச் சொல்லாது. அந்தப் பங்கு ஒருநாள் காலையில் 51.40ஐத் தொட்டு, சந்தை மூடும்போது 50.60க்கு வந்துவிட்டது. சரி, போகட்டும் என்று விட்டேன். பிறகு 52.10இல், மேல் பட்டைக்கு வெளியே மூடியது. கைமாறிய அளவும் 20 நாள் சராசரியைப்போல இரு மடங்கு. அப்புறம்தான் வாங்கினேன். நடுக்கோட்டுக்குக் கீழே மூடினால் விற்றுவிடுவேன். கீழ்ப்பக்கம் உடைந்திருந்தால் எனக்கு அங்கே வேலையில்லை. நான் வாங்கும் பக்கம் மட்டும்தான்.